இஎம்ஐ கால்குலேட்டர் பக்கத்துக்குத் தலைப்பும் குறிப்பும் எழுதுவது எப்படி?

கடன் வாங்க நினைப்பவர் கூகுளில் தேடும்போது அவர் கண்ணில் படுவது பத்துப் பதினைந்து நீலத் தலைப்பு வரிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி சாம்பல் எழுத்தில் ஒரு குறிப்பு. எதைத் தொடுவது என்று சில நொடிகளில் முடிவெடுத்துவிடுவார். பெரும்பாலான இஎம்ஐ கால்குலேட்டர் பக்கங்கள் அந்த இடத்தில் காட்டுவது இப்படித்தான் இருக்கும்: `EMI Calculator | Home Loan, Car Loan, Personal Loan EMI Calculator Online Free`. ஒரே சொல் இரண்டு முறை வருகிறது, மூன்று விதக் கடன்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன, கடைசியில் "இலவசம்" என்று ஒரு சொல். எல்லா கால்குலேட்டரும் இலவசம்தான் என்பதால் அந்தச் சொல்லால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. இந்த வரி ஒரு கருவியின் பெயரைச் சொல்கிறது. தேடுபவர் மனதில் இருப்பதோ ஒரு கேள்வி.

அந்தக் கேள்வி எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். "25 லட்சம் வாங்கினால் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பது ஒன்று. "20 வருஷத்துக்குப் பதிலாக 15 வருஷத்தில் முடித்தால் எவ்வளவு மிச்சம்?" என்பது இன்னொன்று. "என் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்பது முற்றிலும் வேறு, அதற்கு வருமானம், ஏற்கெனவே கட்டும் தவணை, வயது எல்லாம் கேட்க வேண்டும். தொகை, வட்டி, காலம் என்ற மூன்று கட்டங்கள் மட்டும் உள்ள கால்குலேட்டரால் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. "உடனடிக் கடன்" என்று தேடுபவர் கணக்குப் போட வரவில்லை, பணம் தேடி வருகிறார். இந்தக் கடைசி இரண்டு வகையினரையும் இழுக்கும் ஆசையில் தலைப்பில் "தகுதி", "உடனே" என்ற சொற்களைச் சேர்த்தால், வருபவர் மூன்று கட்டங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஆகவே ஒரு பக்கம், ஒரு வகைக் கடன், ஒரு முதன்மைக் கேள்வி என்று வைத்துக்கொள்வது நல்லது. இங்கே தமிழில் எழுதப்பட்ட ஒரு வீட்டுக் கடன் கால்குலேட்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் குறிப்பு எழுத முடியாது. மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவை முறையில் வங்கிகள் போடும் சூத்திரம் இதுதான்:

```
EMI = P × r × (1 + r)^n / ((1 + r)^n − 1)
```

P என்பது கடன் தொகை. r என்பது மாத வட்டி, அதாவது ஆண்டு வட்டியை 1200-ஆல் வகுத்தால் வருவது. n என்பது மாதங்களின் எண்ணிக்கை. 25 லட்சம் ரூபாய், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை 21,696 ரூபாய். 240 மாதமும் கட்டி முடித்தால் மொத்தம் சுமார் 52.07 லட்சம். அதாவது வட்டி மட்டும் 27.07 லட்சம், வாங்கிய கடனை விட அதிகம். முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பார்த்தால் அதில் 17,708 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,988 ரூபாய்தான்.

அதே கடனை 15 ஆண்டில் முடிப்பதாக மாற்றினால் தவணை 24,618 ஆகும். மாதம் 2,922 ரூபாய் கூடுகிறது. ஆனால் மொத்த வட்டி 19.31 லட்சமாகக் குறைகிறது, கிட்டத்தட்ட 7.76 லட்சம் மிச்சம். வீட்டுக் கடன் வாங்குபவர் எடுக்கும் பெரிய முடிவு இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஆனால் தேடல் முடிவில் வரும் குறிப்புகள் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. "எங்கள் எளிய கால்குலேட்டர் மூலம் உங்கள் இஎம்ஐயைத் துல்லியமாகக் கணக்கிடுங்கள்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அந்த வாக்கியத்தில் எண் இல்லை, கேள்வி இல்லை. வேறு எந்தக் கடன் பக்கத்திலும் அப்படியே ஒட்டிவிடலாம்.

மேலே போட்ட கணக்கை வைத்து எழுதினால் வருவது இது:

```html
<title>வீட்டுக் கடன் EMI கால்குலேட்டர்: மாதம் எவ்வளவு, வட்டி எவ்வளவு</title>
<meta name="description" content="25 லட்சம், 8.5%, 20 ஆண்டு என்றால் மாதம் ₹21,696, மொத்த வட்டி ₹27.07 லட்சம். 15 ஆண்டில் முடித்தால் எவ்வளவு மிச்சம்? உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.">
```

தலைப்பில் முதலில் வருவது கடனின் வகை. வீட்டுக் கடன் தேடுபவர் வாகனக் கடன் பக்கத்துக்குப் போக விரும்ப மாட்டார், அதனால் அந்தச் சொல் முன்னால் நிற்க வேண்டும். EMI என்பதை ஆங்கில எழுத்திலேயே விட்டிருப்பதற்குக் காரணம், தமிழில் தேடுபவர்களும் அந்த மூன்றெழுத்தை அப்படித்தான் தட்டுகிறார்கள். வங்கிச் சீட்டிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அதற்குப் பிறகு வருபவை வருபவருடைய இரண்டு கேள்விகள். பக்கத்தின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ தலைப்பில் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. தேடல் முடிவில் கூகுள் தளத்தின் பெயரைத் தனியாக மேலே காட்டிவிடுகிறது.

குறிப்பில் உள்ள எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "இன்றைய வட்டி 8.5%" என்று எழுதினால் அது விரைவில் பொய்யாகிவிடும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, இணைக்கப்பட்டிருக்கின்றன. ரிசர்வ் வங்கி விகிதத்தை மாற்றினால் கடன் வட்டியும் மாறும். ஆனால் "25 லட்சம், 8.5%, 20 ஆண்டு என்றால் 21,696" என்பது வெறும் கணக்கு, வட்டி எங்கே போனாலும் அது தவறாகாது. ஆகவே எடுத்துக்காட்டாக மட்டும் எண்ணைப் போடலாம், நிலவரமாகப் போடக் கூடாது. தலைப்பில் ஆண்டைப் போடுவதும் இதே சிக்கல்தான். ஜனவரியில் யாரும் மாற்றாமல் விட்டால், கூகுளே அதைப் பழைய தலைப்பு என்று கருதி வேறு வரியைக் காட்டக்கூடும். மாதத் தவணைச் சூத்திரம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ஆண்டு எண் அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை.

எந்தத் தொகையை எடுத்துக்காட்டாகப் போடுவது என்பதை ஊகிக்க வேண்டாம். நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தச் சொற்களுக்கு அது தெரிந்திருக்கிறது என்று பார்த்தால் `10 lakh home loan emi 20 years`, `25 லட்சம் கடன் மாத தவணை` போன்ற வரிகள் வந்து நிற்கும். அவற்றில் அதிக முறை தெரிந்த தொகை எதுவோ அதையே எடுக்கலாம். பத்து லட்சம் என்று வந்தால், 9 சதவீதம், 20 ஆண்டுக்கு 8,997 ரூபாய் என்று மாற்றி எழுத வேண்டியதுதான். தேடியவர் தட்டிய சொற்கள் குறிப்பில் இருந்தால் கூகுள் அவற்றைத் தடித்த எழுத்தில் காட்டும். அதற்காக எல்லாத் தொகையையும் அடுக்கக் கூடாது, ஒன்று போதும்.

குறிப்பில் போட்ட அதே எண்கள் கால்குலேட்டரைத் திறந்ததும் கட்டங்களில் நிரம்பியிருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. 21,696 என்று பார்த்துத் தொட்டவர், உள்ளே போனதும் 50 லட்சம், 10 சதவீதம் என்று வேறு ஏதோ நிற்பதைப் பார்த்தால் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தயங்குவார். அவர் பார்த்த எண்ணை முதல் திரையிலேயே காட்டி, அதிலிருந்து நகர்த்திக்கொள்ளச் சொல்வது நல்லது. எடுத்துக்காட்டின் விடை சரியாக ஒரு ரூபாய்க்கு ஒத்துப்போகிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். சூத்திரம் தருவது 21,695.58. குறிப்பில் அதை முழு ரூபாயாக்கி எழுதிவிட்டு, பக்கத்தில் பைசாவை வெட்டி 21,695 என்று காட்டினால், ஒரு ரூபாய் வித்தியாசமே நம்பிக்கையைக் குலைக்கப் போதுமானது. பணக் கணக்குப் பார்க்க வந்தவர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

அடுத்து நீளம். தமிழில் இதைத்தான் பலரும் தவறாக அளக்கிறார்கள். தலைப்பு 60 எழுத்து, குறிப்பு 160 எழுத்து என்று சொல்லப்படும் அளவுகள் ஆங்கிலத்துக்கானவை. கூகுள் அப்படி எந்த எண்ணிக்கை வரம்பும் வைக்கவில்லை. திரையின் அகலத்தைப் பொறுத்துத்தான் வரியை வெட்டுகிறது. 2017 டிசம்பரில் குறிப்புகள் ஏறக்குறைய இரு மடங்கு நீளமாகத் தெரிந்தன. 2018 மே மாதம் மறுபடி சுருங்கிவிட்டன. எழுத்து எண்ணிக்கையை நம்பி எழுதியவர்கள் இரண்டு முறை மாற்றி எழுதினார்கள்.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. "கடன்" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது நான்கு குறியீடு, ஏனென்றால் "ன்" என்பதில் புள்ளி தனிக் குறியீடாக எண்ணப்படும். "வீட்டுக் கடன்" என்பதை நாம் ஏழு எழுத்து என்று எண்ணுவோம். எழுத்து எண்ணும் கருவிகள் இடைவெளியையும் சேர்த்து 13 என்று காட்டும். ஆனால் "வீ", "டு" போன்றவை ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளை விட அகலமாகவே திரையில் இடம் பிடிக்கின்றன. ஆகவே கருவி காட்டும் எண் அதிகம் என்று பயந்து வெட்டவும் வேண்டாம், குறைவு என்று நம்பி நீட்டவும் வேண்டாம். சாதாரண கைபேசி ஒன்றில் அந்தத் தலைப்பு எங்கே வெட்டுப்படுகிறது என்று நேரில் பார்ப்பதுதான் நம்பகமான வழி. நம் எடுத்துக்காட்டுத் தலைப்பில் "கால்குலேட்டர்" என்பதோடு வெட்டுப்பட்டாலும் கடன் வகையும் கருவியும் தெரிந்துவிடும். குறிப்பில் முதல் வாக்கியம் மட்டும் தெரிந்தாலும் மாதத் தவணை கிடைத்துவிடும். அந்த வரிசை அப்படி அமைந்ததற்குக் காரணம் இதுதான்.

நாம் எழுதியது அப்படியே தெரியும் என்ற உத்தரவாதம் கிடையாது. 2021 ஆகஸ்டில் கூகுள் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றியது. பக்கத்தில் எழுதிய தலைப்பு பொருந்தவில்லை என்று பட்டால், பக்கத்தின் உள்ளே உள்ள பெரிய தலைப்பையோ பிற பக்கங்கள் இணைப்புக் கொடுக்கும்போது பயன்படுத்திய சொற்களையோ எடுத்துக்கொள்ளும். கடன் பக்கங்களில் இது நடக்க இரண்டு காரணங்கள் அடிக்கடி தென்படுகின்றன. வீட்டுக் கடன், வாகனக் கடன், நகைக் கடன் என்று எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அச்சில் தலைப்பு வைத்து, ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது ஒன்று. பக்கம் முழுவதும் தமிழில் இருக்க, தலைப்பை மட்டும் ஆங்கிலத்தில் வைப்பது இன்னொன்று. பக்கத்தின் மொழியிலும் எழுத்திலுமே தலைப்பும் இருக்க வேண்டும் என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. உள்ளே உள்ள பெரிய தலைப்பும் நம் தலைப்பும் ஏறத்தாழ ஒரே பொருளைச் சொன்னால் மாற்றி எழுதும் வாய்ப்பு குறையும்.

குறிப்புக்கு இது இன்னும் பெரிய சிக்கல். தேடியவரின் கேள்விக்குப் பக்கத்தின் உரை நன்றாகப் பொருந்தினால் கூகுள் அதிலிருந்தே வரிகளை எடுக்கும். நாம் எழுதிய குறிப்பு அதை விடப் பொருத்தமாக இருந்தால்தான் அதைக் காட்டும். கால்குலேட்டர் பக்கத்தில் பெரும்பாலும் உரையே இருக்காது. ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் மூன்று நழுவு பட்டைகளும் ஒரு வட்ட வரைபடமும்தான் இருக்கும். அப்போது தேடல் முடிவில் `Loan Amount ₹ 1L 25L 50L 1Cr Interest Rate % 5 10 15 20` என்று பட்டைகளின் ஓரத்தில் உள்ள அளவுக் குறிகள் வரிசையாக வந்து நிற்கும். அதைப் பார்த்து யாரும் உள்ளே வர மாட்டார்கள். இந்தக் கோளாறு தென்பட்டால் இரண்டு காரியங்கள் செய்யலாம். அளவுக் குறிகள் உள்ள பகுதியை `<div data-nosnippet>` என்ற உறைக்குள் போட்டால் அங்கிருந்து வரி எடுக்காது. அதோடு, கால்குலேட்டருக்குக் கீழே மேற்சொன்ன கணக்கை இரண்டு பத்தியில் சாதாரண உரையாக எழுதி வைக்க வேண்டும்: 20 ஆண்டுக்கு இவ்வளவு, 15 ஆண்டுக்கு இவ்வளவு, முதல் மாதம் அசலில் கழிவது இவ்வளவு. பிறகு கூகுள் எங்கிருந்து எடுத்தாலும் அது ஒரு பதிலாகவே இருக்கும்.

அந்த உரையில் இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும். கால்குலேட்டர் காட்டுவது தவணை மட்டும். பரிசீலனைக் கட்டணம், அதன் மீதான ஜிஎஸ்டி, காப்பீடு எதுவும் அதில் இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும், கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதத்துடன் ஒரு முக்கிய விவரச் சீட்டைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கால்குலேட்டரில் 8.5 என்று போட்டவருக்கு அந்தச் சீட்டில் அதை விடக் கூடுதலாக ஒரு எண் தெரியும்போது குழப்பம் வரும். "100% துல்லியம்" என்று குறிப்பில் எழுதாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வீட்டுக் கடன் பக்கத்துக்கு எழுதியதை இருசக்கர வாகனப் பக்கத்தில் ஒட்டினால் ஏன் வேலை செய்யாது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே வருபவரின் கேள்வியே வேறு. ஷோரூமில் "8 சதவீதம்தான் சார், ஃபிளாட்" என்று சொல்லியிருப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று ஆண்டு. ஃபிளாட் முறையில் ஆண்டுக்கு 8,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 24,000 வட்டி. மொத்தம் 1,24,000-ஐ 36-ஆல் வகுத்தால் மாதம் 3,444. வீட்டுக்கு வந்து கால்குலேட்டரில் அதே 8 சதவீதத்தைப் போட்டால் 3,134 என்று வரும். கால்குலேட்டர் தவறு என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போவார். அங்கும் அதே 3,134. உண்மையில் தவறு கருவியில் இல்லை. ஃபிளாட் முறையில், கட்டித் தீர்த்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள். அந்த 8 சதவீதம் குறையும் நிலுவை முறையில் சுமார் 14.5 சதவீதத்துக்குச் சமம்.

இவருக்கு எழுத வேண்டிய வரிகள் இவை:

```html
<title>பைக் லோன் EMI: ஃபிளாட் வட்டியா, குறையும் வட்டியா? கணக்கிடுங்கள்</title>
<meta name="description" content="1 லட்சம், 3 ஆண்டு, 8%: ஃபிளாட் முறையில் மாதம் ₹3,444, குறையும் நிலுவையில் ₹3,134. ஷோரூமில் சொன்ன தவணையின் உண்மையான வட்டி எவ்வளவு என்று பாருங்கள்.">
```

இப்படி எழுதினால் கால்குலேட்டரிலும் அந்த வசதி இருந்தாக வேண்டும்: இரண்டு முறைக்கும் ஒரு தேர்வுப் பொத்தான், தவணையைக் கொடுத்தால் வட்டியைக் கண்டுபிடித்துச் சொல்லும் கட்டம். அது இல்லாமல் குறிப்பை மட்டும் எழுதுவது வருபவரை ஏமாற்றுவதாகும். வசதி இல்லையென்றால் குறிப்பின் கடைசி வாக்கியத்தையும் தலைப்பின் கேள்வியையும் எடுத்துவிட வேண்டும்.

மாற்றிய பிறகு பலன் தெரிய நாளாகும். முதலில் சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு மாற்றத்துக்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் ஒப்பிட வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது மொத்தச் சொடுக்குகளை அல்ல, ஒவ்வொரு தேடல் சொல்லுக்கும் உரிய சொடுக்கு விகிதத்தை. அதுவும் சராசரி இடம் ஏறக்குறைய மாறாத சொற்களில் மட்டும். ஒன்பதாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு ஏறிய சொல்லில் விகிதம் கூடினால் அதற்குத் தலைப்பு காரணம் என்று சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி ரெப்போவை மாற்றிய வாரம் இடையில் வந்தால் தேடும் கூட்டமே மாறிவிடும், அந்த நாட்களை விலக்கிப் பார்ப்பது நல்லது. இடம் மாறாமல், சொடுக்கும் கூடாமல் இருந்தால், அதிகம் தெரிந்த ஐந்தாறு சொற்களைக் கைபேசியில் நாமே தட்டிப் பார்க்க வேண்டும். திரையில் இன்னும் பழைய வரியோ பட்டையின் அளவுக் குறிகளோ நின்றால், நம் குறிப்பை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை என்று பொருள். அப்போது திருத்த வேண்டியது குறிப்பை அல்ல, கால்குலேட்டருக்குக் கீழே உள்ள அந்த இரண்டு பத்தியை.